ஏசி ரிமோட்டின் 28 பிட்: படித்தது, பிரித்தது, திருப்பி அனுப்பியது

டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் "கூட்டு" என்ற ஒரு செய்திதான் போகும். இப்போது ஒலி எவ்வளவு என்பது டிவிக்குத் தெரியும், ரிமோட்டுக்குத் தெரியாது. ஏசி ரிமோட் அப்படிப்பட்டதல்ல. வெப்பநிலை, ஃபேன் வேகம், மோடு எல்லாவற்றையும் ரிமோட்டே தன் நினைவில் வைத்திருக்கிறது. அதனால்தான் அதற்கு ஒரு திரை தேவைப்படுகிறது. நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும், "ஓடு, கூலிங் மோடு, 25 டிகிரி, ஃபேன் ஆட்டோ" என்று மொத்த நிலவரமும் ஒவ்வொரு முறையும் போகிறது. ஏசிக்கு அழுத்திய பட்டன் எது என்று தெரியாது, அது தேவையும் இல்லை.

இது தெரியாமல் ஏசி ரிமோட்டில் கை வைத்தால் குழப்பம்தான். + பட்டனை ஒருமுறை பதிவு செய்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் அனுப்பினால் ஒவ்வொரு டிகிரியாக ஏறும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் எத்தனை முறை அனுப்பினாலும் ஏசி 25-லேயே நிற்கும். காரணம், நீங்கள் பதிவு செய்தது "கூட்டு" அல்ல, "25".

எனக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். அப்பா படுக்கும் அறையில் இரவு 10 மணிக்கு 24, நள்ளிரவு தாண்டி 26, விடியற்காலையில் 28, ஆறு மணிக்கு ஆஃப். இருட்டில் ரிமோட்டைத் தேடி, கண்ணாடி போடாமல் அந்தத் திரையைப் படிக்கிற வேலை அவருக்கு வேண்டாம். ஏசி பழைய எல்ஜி ஸ்பிளிட், வைஃபை கிடையாது. நிரல் ஏற்றி ஓட்டக்கூடிய நோட்எம்சியூ என்ற சின்ன போர்டு ஒன்று வீட்டில் கிடந்தது.

ரிசீவரும் எல்இடியும்

ரிமோட்டைப் படிக்க மூன்று கால் ஐஆர் ரிசீவர் ஒன்று வேண்டும். கடையில் "டிசாப் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் டிசாப் 1738 கொடுப்பார்கள், இல்லாவிட்டால் விஎஸ் 1838பி. இரண்டும் 38 கிலோஹெர்ட்ஸ்தான். ஆனால் 1738-க்கு 4.5 வோல்ட்டிலிருந்து 5.5 வோல்ட் வரை வேண்டும், அதன் வெளியீடும் அதே அளவுக்கு ஏறும். நோட்எம்சியூவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எனவே இந்த வேலைக்கு 3.3 வோல்ட்டில் ஓடும் டிசாப் 38238 அல்லது விஎஸ் 1838பி வாங்குவது நல்லது. கால் வரிசையும் வேறு. குமிழ் நம்மைப் பார்த்தபடி இருக்கும்போது 38238-இல் இடமிருந்து வெளியீடு, கிரவுண்ட், சப்ளை. 1738-இல் கிரவுண்ட், சப்ளை, வெளியீடு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே செருகினால் தலைகீழ் மின்சாரம் போய் ரிசீவர் சூடாகும்.

அனுப்புவதற்கு 940 நானோமீட்டர் ஐஆர் எல்இடி. இதை நேராக போர்டின் காலில் மாட்டினால் ஓடும், ஆனால் சில அடி தூரம்தான் எட்டும். அந்தக் கால் பத்துப் பன்னிரண்டு மில்லி ஆம்புக்கு மேல் தரக்கூடாது. எதிர்ச் சுவரில் இருக்கும் ஏசியை எட்ட சுமார் 100 மில்லி ஆம்ப் வேண்டும். அதனால் நடுவில் ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர். டி2 காலிலிருந்து 470 ஓம் வழியாக பேஸ், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் எல்இடியின் கேதோடுக்கு, எல்இடியின் ஆனோடு 33 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. கணக்கு இதுதான்: 5 வோல்ட்டில் எல்இடி 1.3 எடுத்துக்கொள்ளும், டிரான்சிஸ்டர் 0.2. மிச்சம் 3.5. அதை 33-ஆல் வகுத்தால் 106 மில்லி ஆம்ப். 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் கேரியர் அலை பாதி நேரம் அணைந்தே இருப்பதாலும், சிக்னல் ஒரு நொடியில் சின்னப் பகுதிதான் என்பதாலும் எல்இடி சூடாவதில்லை.

ஆனால் டி2 கால் 3.3 வோல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு நின்றால் எல்இடியில் 106 மில்லி ஆம்ப் நிற்காமல் ஓடும். போர்டு பூட் ஆகும்போது சில கால்கள் தாமாகவே 3.3 வோல்ட்டுக்கு ஏறும். டி2 அப்படிச் செய்யாது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓமும் போட்டுவிட்டால் நிம்மதி.

பிளாஸ்டிக் உறையில் வரும் 2222 இரண்டு விதமாக இருக்கிறது. பிஎன்2222 என்று போட்டிருந்தால் ஒரு கால் வரிசை, பி2என்2222 என்று போட்டிருந்தால் அதற்கு நேர் எதிர் வரிசை. எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறினாலும் சர்க்யூட் முழுதாகச் செத்துவிடாது, எல்இடி மங்கலாக எரியும், தூரம் மட்டும் குறையும். அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். மல்டிமீட்டரின் எச்எஃப்இ துளையில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்இடி எரிகிறதா என்று பார்க்க போனின் முன்பக்க கேமரா போதும், ஊதா வெளிச்சமாகத் தெரியும். பின்பக்க கேமராக்கள் பலவற்றில் ஐஆர் ஃபில்டர் இருக்கும், அதில் பார்த்துவிட்டு எரியவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

படிப்பது

`IRremoteESP8266` லைப்ரரியோடு வரும் `IRrecvDumpV2` உதாரணத்தை அப்படியே ஏற்றினேன். ரிசீவரின் வெளியீடு டி5 காலில், சீரியல் வேகம் 115200. ரிமோட்டை ரிசீவருக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில் பிடித்து அழுத்தினால் திரையில் இப்படி வரும்:

```
Protocol  : LG
Code      : 0x8808956 (28 Bits)
uint16_t rawData[59] = {8516, 4172, 592, 1548, 588, 482, 594, 478, ...};
```

கடைசி வரியில் இருப்பவை மைக்ரோ நொடிகள். வெளிச்சம் எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்தது என்று மாறி மாறி. முதல் இரண்டும் தலைப்பு, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜோடியும் ஒரு பிட். எரிந்த நேரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அணைந்த நேரம் நீளமாக இருந்தால் 1, குட்டையாக இருந்தால் 0. தலைப்புக்கு 2, இருபத்தெட்டு பிட்டுக்கு 56, கடைசியில் முடித்துவைக்க ஒரு வெளிச்சம், ஆக 59.

இந்த 59 எண்களையும் அப்படியே `sendRaw` மூலம் திருப்பி அனுப்பினாலும் ஏசி கேட்கும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மேலே பாருங்கள், எரிந்த நேரம் 590 பக்கம் இருக்கிறது, அணைந்த நேரம் 480. இந்த முறையில் இரண்டும் 550 இருக்கவேண்டும். இடையில் இருக்கும் ரிசீவர் வெளிச்சத்தை நீட்டியும் இருட்டைச் சுருக்கியும் காட்டுகிறது, அது அதன் இயல்பு. அந்தக் கோணலையும் சேர்த்துப் பதிவு செய்து அனுப்பினால், ஏசிக்குள் இருக்கும் ரிசீவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் நீட்டும். பக்கத்தில் நின்றால் ஓடும், தூரத்தில் ஒரு நாள் ஓடும் ஒரு நாள் ஓடாது. இன்னொன்று, கேரியர் எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்பது இந்தப் பதிவில் எங்கேயும் இல்லை. ரிசீவர் அதைக் கழித்துவிட்டுத்தான் வெளியே தருகிறது. அனுப்பும்போது 38 என்று நாம்தான் சொல்லவேண்டும்.

எல்லாவற்றையும்விட, ஒரு பதிவு ஒரு நிலைக்கு மட்டும்தான். 16 முதல் 30 வரை 15 வெப்பநிலை, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து ஃபேன் வேகம் என்று போனால் ரிமோட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரவேண்டியதுதான்.

பிரிப்பது

சரி, அந்த 28 பிட்டையே பிரித்துப் பார்ப்போம் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பதிவு செய்தேன். ஃபேன் ஆட்டோவில், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது:

```
24  0x8808956
25  0x8808A57
26  0x8808B58
```

ஏழு ஹெக்ஸ் இலக்கங்களில் இரண்டு மட்டும் நகர்கின்றன. ஐந்தாவது இலக்கம் 9, A, B. அதாவது 9, 10, 11. வெப்பநிலையிலிருந்து 15-ஐக் கழித்தால் வருவது. கடைசி இலக்கமும் கூடவே ஒவ்வொன்றாக ஏறுகிறது. அடுத்து 26-லேயே வைத்து ஃபேனை மாற்றினேன். ஆட்டோவுக்கு `0x8808B58`, அதிக வேகத்துக்கு `0x8808B47`, நடுத்தரத்துக்கு `0x8808B25`. இப்போது ஆறாவது இலக்கம் 5, 4, 2 என்று மாறுகிறது, கடைசி இலக்கமும் அதே அளவுக்கு 8, 7, 5 என்று இறங்குகிறது.

கடைசி இலக்கம் செக்சம், அதாவது மற்ற இலக்கங்கள் பிழையில்லாமல் வந்தனவா என்று ஏசி சரிபார்க்க உதவும் எண், என்பது இங்கேயே புலப்பட்டுவிடும். முதலில் வரும் 88 எப்போதும் மாறாத அடையாளம், அதை விட்டுவிடுங்கள். அடுத்த நான்கு இலக்கங்களைக் கூட்டுங்கள். 26 ஆட்டோவுக்கு 0 + 8 + 11 + 5 = 24. பதினாறால் வகுத்தால் மீதி 8. அதுதான் கடைசி இலக்கம். 18 டிகிரி ஆட்டோவில் போய்ச் சரிபார்த்தேன். வெப்பநிலை இலக்கம் 3. 0 + 8 + 3 + 5 = 16, மீதி 0. ரிமோட் அனுப்பியது `0x8808350`. கூட்டுத்தொகை பதினாறைத் தாண்டும் இடத்தில் பொருந்தினால்தான் விதி சரி என்று நம்பலாம், மற்ற இடங்களில் தற்செயலாகவும் பொருந்தும்.

நான்காவது இலக்கத்தில் இருக்கும் அந்த 8 என்ன? ஏசியை ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்யும்போது பதிவு செய்தால் 26-க்கு `0x8800B50` வருகிறது. 8 இருந்த இடத்தில் 0. அதாவது 0 என்றால் "இப்போது ஆரம்பி", 8 என்றால் "ஓடிக்கொண்டிருக்கிறாய், இதை மாற்று". இந்த இலக்கத்தின் மீதி மூன்று பிட்கள் மோடு. கூலிங் பூஜ்யம் என்பதால் கண்ணில் படவில்லை, டிரை மோடுக்குப் போனால் 1 கூடும். ஆஃப் மட்டும் எந்த நிலையிலிருந்தும் ஒரே எண்: `0x88C0051`. அதிலும் 12 + 0 + 0 + 5 = 17, மீதி 1. செக்சம் விதி அங்கேயும் நிற்கிறது.

உங்கள் ரிமோட்டில் `Protocol` வரியில் `LG2` என்று வந்தால் எண்கள் இதே ஒழுங்குதான், தலைப்பின் வெளிச்சம், இடைவெளி இரண்டின் நீளமும் பிட் வெளிச்சத்தின் நீளமும் வேறு. `UNKNOWN` என்று வந்தால் முதலில் அதே பட்டன் நிலையை மறுபடி மறுபடி பதிவு செய்து, எண்ணிக்கை ஒன்றாக வருகிறதா பாருங்கள். வேறு வேறாக வந்தால் ட்யூப்லைட்டோ ஜன்னல் வெயிலோ ரிசீவரில் விழுகிறது. எல்லா ஏசியும் 28 பிட்டில் முடிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். டைகின் ரிமோட் ஒன்று 35 பைட், அதாவது 280 பிட் அனுப்பும், அதுவும் நடுவில் இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக. ரிசீவர் நிரல் அந்த இடைவெளியைச் செய்தி முடிந்தது என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். `kTimeout` 50 மில்லி நொடி இருக்கிறதா, `kCaptureBufferSize` 1024 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்டுயினோ யூனோவின் 2 கிலோபைட் நினைவகத்தில் இந்த நீள ரிமோட்களைப் படிப்பது தலைவலி.

அனுப்புவது

விதி தெரிந்துவிட்டால் நிரல் சின்னது:

```cpp
#include <IRremoteESP8266.h>
#include <IRsend.h>
IRsend irsend(4);   // D2; setup(): irsend.begin();

uint32_t lgCode(uint8_t temp, uint8_t fan, bool running) {
  uint32_t body = running ? 0x0800 : 0x0000;
  body |= (temp - 15) << 4;
  body |= fan;
  uint8_t sum = 0;
  for (int i = 0; i < 16; i += 4) sum += (body >> i) & 0xF;
  return (0x88UL << 20) | (body << 4) | (sum & 0xF);
}
```

பிறகு `irsend.sendLG(lgCode(26, 5, true), 28);` என்றால் போதும். 550, 1600 என்ற சுத்தமான நேரங்களை லைப்ரரியே போட்டுக்கொள்ளும், ரிசீவரின் கோணல் இதில் இல்லை. இதே லைப்ரரியில் `IRLgAc` என்று ஆயத்தமாக ஒரு கிளாஸும் இருக்கிறது, `setTemp(26)`, `setMode(kLgAcCool)`, `send()` என்று எழுதலாம். டைகின் மாதிரி நீளமான ரிமோட்டுக்கு அதுதான் வழி, கையால் பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. இருபத்தெட்டு பிட்டைக் கையால் செய்தால், ஏதாவது ஓடாதபோது எந்த இலக்கத்தில் சிக்கல் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

சோதிக்கும்போது ஏசியின் பீப் சத்தம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே பதில். அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். `0x8808B58` அனுப்பினேன், பீப், திரையில் 26. வேண்டுமென்றே கடைசி இலக்கத்தை மாற்றி `0x8808B59` அனுப்பினேன், சத்தமே இல்லை. செக்சம் தப்பினால் ஏசி வாயைத் திறக்காது என்பது இதில் தெளிவு. ஆகவே பீப் வராவிட்டால் இரண்டு சந்தேகம்: எல்இடியின் வெளிச்சம் போய்ச் சேரவில்லை, அல்லது எண் தப்பு. எல்இடியை ஏசிக்கு ஒரு அடி தூரத்தில் கொண்டுபோய் அனுப்பிப் பாருங்கள். அப்போதும் மௌனம் என்றால் எண்தான்.

தூரத்துக்கு எல்இடி எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பது முக்கியம். ஐந்து மில்லிமீட்டர் எல்இடிகளில் குறுகலாக அடிப்பவையும் அகலமாக அடிப்பவையும் உண்டு. குறுகியது தூரம் போகும், ஆனால் குறி தப்பினால் ஒன்றுமில்லை. நான் பெட்டியை அலமாரி மேலே, ஏசியின் ரிசீவர் இருக்கும் வலது ஓரத்தைப் பார்க்கிற மாதிரி ஒட்டிவிட்டேன். சந்தேகத்துக்கு ஒவ்வொரு கட்டளையையும் ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்புகிறேன். மொத்த நிலவரத்தையும் சொல்லும் முறை என்பதால் இதில் ஆபத்து இல்லை, 26 என்று இரண்டு முறை சொன்னாலும் 26தான். ஆனால் இந்த ரிமோட்டில் டிஸ்ப்ளே விளக்குக்கான `0x88C00A6`, ஸ்விங்குக்கான `0x8810001` இரண்டும் டிவி ரிமோட் ரகம், மாற்றி மாற்றிப் போடுபவை. அவற்றை இரண்டு முறை அனுப்பினால் போட்டதும் அணைந்துவிடும். அதனால் என் நிரலில் அந்த இரண்டையும் சேர்க்கவே இல்லை.

அப்பா நடுவில் ரிமோட்டை எடுத்தால்

இதுதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல். ஏசி நம்மிடம் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. இரவு 11 மணிக்கு அப்பாவே எழுந்து ஆஃப் செய்துவிட்டால், 1 மணிக்கு நம் போர்டு "ஓடிக்கொண்டிருக்கிறாய், 26-க்கு மாறு" என்று அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆனால் ரிமோட் மொத்த நிலவரத்தையும் அனுப்புகிறது என்ற அதே குணம் இங்கே கைகொடுக்கிறது. படிப்பதற்கு வாங்கிய ரிசீவரைக் கழற்றாமல் போர்டிலேயே விட்டுவிட்டேன். அப்பா ரிமோட்டில் எதை அழுத்தினாலும் அது இதன் காதிலும் விழுகிறது, ஒரே செய்தியில் முழு நிலவரமும் தெரிந்துவிடுகிறது:

```cpp
if (irrecv.decode(&results)) {
  if (results.decode_type == LG && results.bits == 28) {
    if (results.value == 0x88C0051) running = false;
    else if ((results.value >> 16) == 0x880) {
      running = true;
      temp = ((results.value >> 8) & 0xF) + 15;
    }
  }
  irrecv.resume();
}
```

முதல் மூன்று இலக்கமும் `880` ஆக இருக்கிறதா என்று பார்ப்பது ஸ்விங், விளக்கு எண்களைத் தள்ளிவிடத்தான், அவற்றில் வெப்பநிலை கிடையாது. நாம் அனுப்பும்போது ரிசீவர் இடையூறு செய்யாமல் இருக்க, அதற்கு முன்னால் `irrecv.disableIRIn()`, முடிந்ததும் `irrecv.enableIRIn()`. ரிசீவரை ஏசிப் பக்கம் திருப்பாமல் கட்டில் பக்கம் பார்க்க வைத்தேன், ரிமோட் இருக்கும் இடம் அதுதானே.

அப்புறம் விதி எளிது. `running` பொய் என்றால் இரவு அட்டவணை எதுவும் அனுப்பாது. அப்பா தானாக வெப்பநிலையை மாற்றியிருந்தால் அன்றிரவு முழுக்க அட்டவணை ஒதுங்கிக்கொள்ளும், 6 மணி ஆஃப் மட்டும் போகும். முதலில் இப்படி வைக்கவில்லை என்றால், "நான் 24 வெச்சேன், அது தானா 26 ஆக்குது" என்று காலையில் பேச்சு கேட்கவேண்டியிருக்கும்.

கரண்ட் போய் வந்தால் போர்டு புதிதாகப் பூட் ஆகும், `running` என்னவென்று அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் எதையும் ஆன் செய்யக்கூடாது என்று வைத்திருக்கிறேன். ஏசி தானாக மறுபடி ஓட ஆரம்பித்திருக்கலாம், ஆரம்பிக்காமலும் இருக்கலாம். ஆஃப் மட்டும் எப்போது அனுப்பினாலும் கெடுதல் இல்லை. இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள ஏசியின் காற்று வரும் வாயில் ஒரு டிஎஸ்18பி20 சென்சார் வைக்கலாம். அறையைவிட ஏழெட்டு டிகிரி குளிராகக் காற்று வந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். ஆனால் கம்ப்ரசர் சற்று நின்றிருக்கும் நேரத்தில் அதுவும் ஏமாற்றும், சில நிமிடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அறை குளிர்ந்ததும் ஆஃப், சூடானதும் ஆன் என்று போர்டையே தெர்மோஸ்டாட் ஆக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம். கம்ப்ரசர் நின்றவுடன் மறுபடி கிளம்பக்கூடாது என்று ஏசியே சில நிமிடம் தாமதிக்கும், நாம் அதன்மேல் இன்னொரு தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். வெப்பநிலை இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை ஏசியிடமே விட்டுவிடலாம்.